மடிக்குள் சர்க்கரை நுழையும் வழி

கன்று ஈன்று மூன்று வாரம் ஆன கலப்பின ஜெர்சிப் பசு ஒன்று நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று ஒரு வாரத்தில் கறவை ஆறு லிட்டராக இறங்கிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, மடியில் வீக்கம் இல்லை. பசு அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்குகிறது. ஆனால் சோளத்தட்டை மட்டும் மெல்லுகிறது. முதுகெலும்பு தெரிய உடல் வற்றுகிறது. இராசிபுரம், ஆத்தூர், சேந்தமங்கலம் பக்கங்களில் கறவை மாடு வைத்திருக்கும் பலரும் ஒரு முறையேனும் கண்டிருக்கக்கூடிய காட்சிதான் இது.

இந்த நிலையில் வீட்டில் முதலில் செய்யப்படும் வைத்தியம், ஒரு கிலோ வெல்லத்தைக் கரைத்துப் புகட்டுவது. மாட்டுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்ற எண்ணம் சரியானதே. ஆனாலும் வெல்லம் பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஏன் பயன் தருவதில்லை, வேறு எது பயன் தரும் என்பதை அறிய வேண்டுமானால், இரத்தத்தில் ஓடும் சர்க்கரை மடிக்குள் எப்படி நுழைகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வரவு செலவுக் கணக்கு. ஒரு லிட்டர் பால் சுரக்க மடிக்குச் சுமார் 70 கிராம் குளுக்கோஸ் தேவை. இதில் பெரும் பங்கு பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையாகவே மாறிவிடுகிறது. எஞ்சியது மடி உழைப்பதற்கான எரிபொருளாகவும், கொழுப்பு செய்யும் வேலைக்கும் செலவாகிறது. ஆகவே பத்து லிட்டர் கறக்கும் பசுவின் மடி நாளொன்றுக்கு 700 கிராம் குளுக்கோஸ் கேட்கிறது. இருப்பு எவ்வளவு? 350 கிலோ எடையுள்ள பசுவின் உடலில் சுமார் 25 லிட்டர் இரத்தம் உண்டு. நலமான பசுவின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 45 முதல் 70 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருக்கும். நடுவாக 60 என்று கொண்டால், உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் வெறும் 15 கிராம்! கைப்பிடியளவு கூட இல்லாத இந்த இருப்பை வைத்துக்கொண்டு 700 கிராம் செலவைப் பசு சமாளிக்கிறது. வரவு ஒரு மணி நேரம் நின்றால்கூடக் கணக்கு உதைக்கும்.

எண்ணெய்ச் சுவர்

மடியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு பையின் உட்புறத்திலும் பால் சுரக்கும் உயிரணுக்கள் ஒரே வரிசையாக, செங்கல் அடுக்கியது போல் அமைந்துள்ளன. உயிரணுவின் ஒரு பக்கத்தில் இரத்தம், மறுபக்கத்தில் பால். உயிரணுவைச் சுற்றி மிக மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, வாலோடு வால் சேர்த்து, தலைகள் வெளிப்புறமும் உட்புறமும் பார்க்குமாறு நின்று இப்படலத்தை உண்டாக்குகின்றன. தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். இந்த இரட்டைக் கொழுப்புப் படலத்தின் தடிமன் ஒரு மில்லி மீட்டரை இரண்டு லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு அளவே ஆகும். 1925-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் பரப்பி அளந்து, இப்படலம் இரண்டு அடுக்கு கொண்டது என்று முடிவு கூறினர்.

இவ்வளவு மெல்லிய படலம் சர்க்கரையை ஏன் தடுக்கிறது? இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கரண்டி சர்க்கரையை நல்லெண்ணெயில் போட்டு எவ்வளவு நேரம் கலக்கினாலும் அது கரையாது, அடியில் படியும். சர்க்கரை நீரோடு ஒட்டும் பொருள், எண்ணெயோடு ஒட்டாது. படலத்தின் நடுப்பகுதி எண்ணெயைப் போன்றதே. மூச்சுக்காற்றில் உள்ள பிராணவாயு, கரியமில வாயு போன்ற சிறு பொருள்கள் இதைத் தாராளமாகக் கடந்து செல்லும். குளுக்கோஸ் மூலக்கூறோ பெரியது. தன்னைச் சுற்றி நீரைச் சேர்த்துக்கொண்டு இருப்பது. அதனால் தானாகப் படலத்தைக் கடக்கும் குளுக்கோஸ் மிக மிகச் சொற்பம். அதை நம்பினால் மடியில் சொட்டுப் பாலும் சுரக்காது.

திரும்பும் கதவு

ஆகவே இந்தச் சுவரில் குளுக்கோசுக்கென்றே தனிக் கதவு இருக்க வேண்டும். இப்படி ஒரு கதவு இருந்தே ஆக வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் விடாஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர். 1952-இல் செம்மறியாட்டின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குட்டிக்குச் செல்லும் குளுக்கோசை ஆராய்ந்த அவர், வெறும் பரவலால் மட்டும் இது நடக்க முடியாது, குளுக்கோசைச் சுமந்து அக்கரை சேர்க்கும் ஒரு பொருள் படலத்தில் இருக்கிறது என்று கூறினார். அந்தப் பொருள் ஒரு புரதம். 1977-இல் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். இன்று அதற்குக் குளூட்-1 என்று பெயர். 492 அமினோ அமிலங்கள் கோத்த சரம், படலத்தைப் பன்னிரண்டு முறை குறுக்கே தைத்துக்கொண்டு நிற்கிறது. 2014-இல் அதன் உருவத்தையே சீன நாட்டு ஆய்வாளர்கள் படம் பிடித்துக் காட்டினர்.

இது ஓட்டை அன்று. ஓட்டையாக இருந்தால் உப்பும் மற்றவையும் கூடவே புகுந்துவிடும். இதன் நடுவில் குளுக்கோஸ் பொருந்தும் குழி ஒன்று உள்ளது. முதலில் குழி இரத்தப் பக்கம் திறந்திருக்கும். குளுக்கோஸ் வந்து குழியில் அமர்ந்ததும் புரதம் சற்று வளைந்து அப்பக்கம் மூடி, உட்பக்கம் திறக்கும். குளுக்கோஸ் உள்ளே விழும். வெறுமையான கதவு மீண்டும் வெளிப்பக்கம் திரும்பும். ஒரு கதவு இப்படி விநாடிக்கு ஆயிரம் முறை அளவில் திரும்ப வல்லது. பழச்சர்க்கரையாகிய பிரக்டோஸ் இந்தக் குழியில் பொருந்துவதில்லை. அது வந்து தட்டினாலும் கதவு திறவாது.

இந்தக் கதவுக்கு எந்தச் சக்தியும் செலவாவதில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. கதவு இருபுறமும் திரும்பக்கூடியது. எந்தப் பக்கம் குளுக்கோஸ் அதிகமோ அந்தப் பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்கு அது போகும். மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் பாய்வது போன்றதே இது. இதனையே எளிதாக்கப்பட்ட பரவல் என்கிறோம்.

மேட்டூர் அணையின் கிழக்குக் கரைக் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். மதகைத் திறந்தால் நீர் தானே ஓடிவரும். மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஆனால் நீர்த்தேக்கத்தில் மட்டம் இறங்கிவிட்டால், மதகை எவ்வளவு அகலமாகத் திறந்து வைத்தாலும் கால்வாயில் நீர் வராது. குளூட்-1 என்பது மதகு. அதனால் உயர்த்த முடியாது. விட மட்டுமே முடியும்.

அப்படியானால் உயிரணுவுக்குள் குளுக்கோஸ் நிரம்பி, உள்ளும் வெளியும் சமமானவுடன் வரத்து நின்றுவிடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. உள்ளே வந்த குளுக்கோசை உயிரணு அப்படியே விட்டுவைப்பதில்லை. வந்த கணமே அதில் ஒரு பாஸ்பேட் துண்டை ஒட்டிவிடுகிறது. அல்லது லாக்டோசாக மாற்றிவிடுகிறது. பாஸ்பேட் ஒட்டிய குளுக்கோஸ் கதவின் குழியில் பொருந்தாது. ஆகவே திரும்ப வெளியே போகவும் முடியாது. இதனால் உயிரணுவின் உள்ளே தனிக் குளுக்கோசின் அளவு இரத்தத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எப்போதும் இருக்கிறது. பள்ளம் பள்ளமாகவே காக்கப்படுகிறது.

சர்க்கரையே பாலின் அளவு

உள்ளே வந்த குளுக்கோசில் ஒரு பாதி காலக்டோஸ் என்னும் மற்றொரு சர்க்கரையாக மாறுகிறது. ஒரு குளுக்கோசும் ஒரு காலக்டோசும் சேர்ந்து லாக்டோஸ் ஆகிறது. இந்தச் சேர்க்கை உயிரணுவுக்குள் இருக்கும் சிறு பைகளில் நடைபெறுகிறது. லாக்டோசுக்கு எந்தக் கதவும் இல்லை. பையில் சிக்கிய லாக்டோஸ் தன்னை நோக்கி நீரை இழுக்கிறது. உப்புக்கண்டத்தில் ஈரம் ஏறுவது போல் பையில் நீர் ஏறுகிறது. இந்த நீரே பாலின் நீர்.

இதிலிருந்து விளங்கும் ஓர் உண்மை பலருக்கு வியப்பாக இருக்கும். சர்க்கரை வரத்து குறைந்தால் பால் இனிப்புக் குறைந்து வருவதில்லை. லாக்டோஸ் எப்போதும் போல் நூற்றுக்கு நாலரை முதல் ஐந்து வீதமே இருக்கும். குறைவது லிட்டர். உடற்கொழுப்பு கரைந்து மடிக்கு வருவதால், பாலின் கொழுப்புச் சத்து வழக்கத்தைவிடச் சற்று ஏறக்கூடும். பால் சங்கத்தில் கொழுப்பு அளவு நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போதே லிட்டர் சரிந்துகொண்டிருந்தால், அதனைப் பசு தரும் முன்னெச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

இப்பொழுது நம் பசுவின் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாகச் சுற்றி வர வேண்டும். 100 மில்லிக்கு 60 மில்லிகிராம் வீதம், 500 லிட்டர் இரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸ் 300 கிராம். மடி அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை, அதாவது 70 முதல் 75 கிராமை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டருக்குத் தேவையானதும் அதுவே. இப்போது இரத்தச் சர்க்கரை 60-லிருந்து 35-க்கு இறங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். அதே 500 லிட்டர் இரத்தம் 175 கிராம்தான் கொண்டுவரும். நாலில் ஒரு பங்கு 44 கிராம். பத்து லிட்டர் கறந்த பசு ஏறத்தாழ ஆறு லிட்டருக்கு வந்துவிடுகிறது. (உண்மையில் பால் குறையும்போது மடிக்கு வரும் இரத்த ஓட்டமும் குறையும், இது தோராயக் கணக்கே.) மடியில் கோளாறு எதுவும் இல்லை. மதகு திறந்தேதான் இருக்கிறது. தேக்கத்தில்தான் மட்டம் இறங்கிவிட்டது.

பசு தன்னால் ஆனதைச் செய்யாமல் இல்லை. கன்று ஈனும் காலம் நெருங்கும்போதே மடியில் குளூட்-1 கதவுகளின் எண்ணிக்கை பல மடங்கு பெருகுகிறது. மேலும் தசையிலும் கொழுப்பிலும் உள்ள சர்க்கரைக் கதவுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. இன்சுலின் வந்து சொன்னால்தான் அவை படலத்திற்கு வந்து நிற்கும். கன்று ஈன்றவுடன் இன்சுலின் குறைந்துவிடுவதால் தசைக்குப் போகும் வாய்க்கால் அடைபடுகிறது. மடியின் கதவு இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. உடல் இளைத்தாலும் மடிக்கு முதற்பங்கு கிடைப்பது இதனால்தான். ஆனால் கதவைப் பெருக்கலாம், மற்ற வாய்க்காலை அடைக்கலாம். மட்டத்தை உயர்த்த மடியால் முடியாது. அது ஈரலின் வேலை.

வெல்லமும் பாட்டிலும்

ஈரலுக்குக் குளுக்கோஸ் செய்ய மூலப்பொருள் வேண்டும். மாட்டின் விஷயத்தில் அந்த மூலப்பொருள் சர்க்கரை அன்று. மாடு தின்னும் மாவும் சர்க்கரையும் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்களால் புளிக்க வைக்கப்பட்டு அமிலங்களாக மாறிவிடுகின்றன. அவற்றுள் புரோப்பியோனிக் அமிலம் என்பதை எடுத்தே ஈரல் குளுக்கோசைப் பெரிதும் உண்டாக்குகிறது. வெல்லக் கரைசலும் பெருவயிற்றில்தான் விழுகிறது. அங்கே அது நுண்ணுயிர்களுக்கு விருந்தாகிறது. குளுக்கோசாகவே குடலுக்குப் போய்ச் சேருவது அரிது. அளவு மிகுந்தால் வயிறு புளித்து, இருந்த பசியும் போய்விடும்.

நமது மாவட்டங்களில் மரவள்ளி மாவும், சேகோ ஆலைகளிலிருந்து வரும் திப்பியும் மலிவாகக் கிடைக்கின்றன. நன்கு உலர்ந்த திப்பியில் உள்ள மாவுச்சத்து புரோப்பியோனிக் அமிலத்துக்கு நல்ல மூலப்பொருள். ஆயினும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. திப்பியில் புரதம் மிகக் குறைவு; எனவே கடலைப் பிண்ணாக்கோ பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கோ சேர்த்தாக வேண்டும். அடுத்து, மாவுத் தீவனத்தைக் கன்று ஈன்ற மறுநாள் திடீரென்று கூட்டாமல், ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பே சிறுகச் சிறுகத் தொடங்க வேண்டும். பெருவயிற்று நுண்ணுயிர்களுக்குப் புதிய தீவனத்தோடு பழக அவ்வளவு காலம் தேவைப்படுகிறது. பச்சை மரவள்ளி இலையையும் தோலையும் அப்படியே போடுவது நஞ்சாக முடியலாம். அது வேறு கதை.

இரத்தச் சர்க்கரை இறங்கிய பசு, தன் உடற்கொழுப்பைக் கரைத்து எரிக்கிறது. ஈரலால் அந்தக் கொழுப்பு முழுவதையும் எரிக்க இயலாமல் கீட்டோன் என்னும் பொருள்கள் இரத்தத்தில் சேருகின்றன. இந்நிலையே கீட்டோசிஸ் நோய். பசுவின் மூச்சிலும் பாலிலும் ஒருவித இனிப்பு கலந்த நெடி, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை போல, வீசும். எல்லோருடைய மூக்கும் இதை உணர்வதில்லை. வாடை தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று கருத வேண்டாம். கால்நடை மருத்துவர் சிறுநீரைச் சோதிக்கும்போது கத்தரிப்பூ நிறம் தோன்றினால் நோய் உறுதியாகும்.

மருத்துவர் இரத்தக் குழாயில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவார். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோசின் மறுபெயர். இது பெருவயிற்றைத் தவிர்த்து நேரே தேக்கத்தில் கொட்டுவதால் மட்டம் உடனே உயரும். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? நூற்றுக்கு 25 வீதமுள்ள 540 மில்லி பாட்டில் ஒன்றில் இருப்பது 135 கிராம். இரண்டு லிட்டர் பாலுக்குக்கூட அது போதாது. சில மணி நேரத்தில் மட்டம் பழையபடி இறங்கிவிடும். எனவே ஒரு பாட்டிலோடு நிறுத்தாமல், ஈரலுக்கு மூலப்பொருளாக நாளொன்றுக்கு 250 முதல் 300 மில்லி புரோப்பிலீன் கிளைக்காலை மூன்று முதல் ஐந்து நாட்கள் வாய்வழியே கொடுக்கச் சொல்வார். இது பெருவயிற்றில் முழுவதும் அழிந்துவிடாமல் ஈரலை அடைந்து குளுக்கோசாகிறது. புகட்டும்போது மாட்டின் தலையை அளவுக்கு மேல் தூக்கலாகாது. நாக்கைப் பிடித்து இழுக்கவும் கூடாது. மருந்து நுரையீரலுக்குள் போனால், கீட்டோசிசைவிடப் பெரிய ஆபத்து வந்துசேரும்.

நலமான பசுவுக்குப் பால் கூடட்டும் என்று டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றச் சொல்வோரும் உண்டு. மதகுக்கு ஓர் அளவு இருக்கிறது. தேக்கம் போதிய மட்டத்தில் இருக்கும்போது மேலும் ஊற்றினால், கதவுகளும் உள்ளிருக்கும் லாக்டோஸ் ஆலையும் அதற்கேற்ப வேலையைக் கூட்டிவிடுவதில்லை. மிஞ்சியது சிறுநீரில் போகும். காசு விரயம்.

இறைத்துக் கொட்டும் பொருள்கள்

பாலில் உள்ள எல்லாப் பொருள்களும் குளுக்கோசைப் போல் பள்ளம் பார்த்து வருவன அல்ல. சிலவற்றைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். அதற்கு மதகு பயன்படாது. கிணற்று மோட்டார் வேண்டும். மோட்டார் மின்சாரத்தைத் தின்பது போல், இந்தப் புரதங்கள் உயிரணுவின் எரிசக்தியாகிய ஏ.டி.பி.யைத் தின்கின்றன. இதற்குச் செயல்மிகு கடத்தல் என்று பெயர்.

உப்பை எடுத்துக்கொள்வோம். 100 மில்லி இரத்த நீரில் சோடியம் 320 மில்லிகிராம் அளவும், பொட்டாசியம் 18 மில்லிகிராம் அளவும் இருக்கின்றன. பாலிலோ சோடியம் 50 மட்டுமே, பொட்டாசியம் 150. நேர் தலைகீழ்! இரத்தத்திலிருந்தே வரும் பாலில் இப்படி ஆவது எப்படி? மடி உயிரணுவின் இரத்தப் பக்கத்துப் படலத்தில் ஓர் எக்கி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஏ.டி.பி. செலவிட்டு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957-இல் டென்மார்க் நாட்டு ஸ்கூ என்பவர் நண்டின் நரம்பில் இந்த எக்கியைக் கண்டார்; அதற்காக 1997-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். உயிரணுவுக்குள் இந்த எக்கி உண்டாக்கிய விகிதமே பாலிலும் காணப்படுகிறது.

மடிநோய் கண்ட மாட்டின் பால் ஏன் உப்புக் கரிக்கிறது என்பதற்கும் விடை இதுவே. உயிரணுக்களுக்கு இடையே உள்ள இறுக்கமான பூச்சு நோயால் விரிசல் விடுகிறது. எக்கி தள்ளி வைத்திருந்த சோடியமும் குளோரைடும் இரத்தத்திலிருந்து இடுக்கு வழியாகப் பாலில் இறங்குகின்றன. அதே இடுக்கு வழியாக லாக்டோஸ் இரத்தத்திற்குக் கசிந்து போகிறது. எக்கி கட்டிய மேடு கரைகிறது. உப்பு கூடிய பாலில் மின்சாரம் எளிதில் பாய்வதால், மின்கடத்தும் திறனை அளக்கும் கருவியால் மறைந்திருக்கும் மடிநோயையும் கண்டுபிடிக்கலாம். ஒன்று மட்டும்: கறவை வற்றும் கடைசி மாதத்திலும் இந்தப் பூச்சு தளர்ந்து பால் சற்று உப்பாகும், அதனை நோய் என்று எண்ணிவிடலாகாது. நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். நோயானால் பெரும்பாலும் ஒரு காம்போ இரண்டோ மட்டும் மாறுபடும். வற்றும் பசுவில் நான்கும் ஒரே மாதிரி இருக்கும்.

சர்க்கரையும் சில இடங்களில் மோட்டார் வசதியை நாடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுகுடலில் குளுக்கோஸ் நீர்த்துப்போய் இருந்தாலும் அதனை விடாமல் உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அங்கே குளுக்கோஸ் சோடியத்தோடு கைகோத்து, சோடிய எக்கி உண்டாக்கிய சரிவில் சவாரி செய்து நுழைகிறது. கழிச்சல் கண்ட இளங்கன்றுக்கு வெறும் நீரோ, வெறும் சர்க்கரை நீரோ கொடுக்காமல் உப்பும் குளுக்கோசும் சேர்ந்த கரைசலைக் கொடுப்பதன் காரணம் இதுவே. ஆனால் குடலுயிரணுவின் மறுபக்கத்தில் இரத்தத்துக்குள் இறங்கும்போது, குளுக்கோஸ் மீண்டும் சாதாரணத் திரும்பும் கதவு வழியாகவே போகிறது.

மதகும் மோட்டாரும் வேறுபடும் இடம்

இனி, மாடு வளர்ப்போர் இந்த வேறுபாட்டைக் கண்முன் காணும் இடத்துக்கு வருவோம். அது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடல் உண்மையில் சில்லிட்டுப் போகும்.

பாலில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. இரத்த நீரில் இருப்பது 9 அல்லது 10 மில்லிகிராம். பன்னிரண்டு மடங்கு மேட்டில் இருக்கிறது பால். மடி உயிரணுவில் உள்ள சுண்ணாம்பு எக்கிகள் ஏ.டி.பி. செலவிட்டு அதனை ஏற்றிவிடுகின்றன. சீம்பாலில் இது இன்னும் அதிகம். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் உண்டு. நம் 350 கிலோ பசுவின் இரத்த நீர் முழுவதிலும் இருப்பதோ ஒன்றரை கிராம். எலும்பில் ஏராளமான இருப்பு உண்டு. ஆனால் அதை வெளியே எடுக்க உடலுக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

இங்கே கவனியுங்கள். குளுக்கோஸ் மட்டம் இறங்கினால் மதகில் வரத்து குறைந்து, பாலும் குறைந்து, செலவு தானாகவே சுருங்குகிறது. கீட்டோசிஸ் பசு பல நாட்கள் நின்று தடுமாறுவதும், அநேகமாகப் பிழைத்துக்கொள்வதும் அதனாலேயே. சுண்ணாம்பு விஷயத்தில் அப்படி இல்லை. இரத்தத்தில் மட்டம் இறங்கினாலும் மடி மோட்டார் நிற்பதில்லை. கிணறு வறண்டு போகும்வரை இறைக்கும். 10 மில்லிகிராமில் இருந்தது 5-க்கு இறங்கும்போது தசைகள் வேலை செய்ய மறுக்கின்றன. கன்று ஈன்ற இரண்டு மூன்று நாட்களுக்குள், நன்றாக இருந்த பசு தள்ளாடிப் படுத்துவிடும்; கழுத்தை வளைத்துத் தலையை விலாவின் மேல் சாய்த்துக்கொள்ளும்; காதுகள் குளிர்ந்துவிடும்; சாணமும் சிறுநீரும் நின்றுபோகும். சில மணி நேரங்களில் உயிருக்கே ஆபத்து.

இரண்டு நோய்களிலும் மாடு தீவனம் தின்னாது. இரண்டும் நல்ல கறவை மாட்டுக்கே வரும். எனவே குழப்பம் நேர்வது உண்டு. ஈன்று எத்தனை நாள் ஆயிற்று, மாடு நிற்கிறதா படுத்திருக்கிறதா, காது தொட்டால் சூடா குளிர்ச்சியா என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் தெரிவித்தால், அவர் எந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். படுத்த மாட்டுக்குச் சுண்ணாம்பு மருந்தை அவர் இரத்தக் குழாயில் மெதுவாகவே ஏற்றுவார். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடக்கூடும் என்பதால், பாட்டிலை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்த வேண்டாம். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பல பசுக்கள் சாணம் போட்டு, ஏப்பம் விட்டு, சிறிது நேரத்தில் எழுந்து நின்றுவிடுகின்றன. கீட்டோசிஸ் பசுவுக்கு அவ்வளவு விரைவில் பால் திரும்பாது. ஈரலில் மூலப்பொருள் சேர்ந்து, இரத்தத்தில் மட்டம் ஏறி, அது அப்படியே நிலைத்து நின்ற பிறகே கறவை லிட்டர் லிட்டராகக் கூடிவரும். அதற்கு ஒரு வாரமோ, அதற்கு மேலோ ஆகலாம்.